காய்கறி நேரடி விற்பனைக்கு ஒரு நிமிஷ வீடியோ: வசனம் எழுதியிருக்கேன், திருத்திக் கொடுங்க

மேல்மடை

தொண்டாமுத்தூர் பக்கம் 80 சென்ட்ல வெண்டை, கத்தரி, பீர்க்கு, கொத்தவரை, அரைக்கீரை போட்டிருக்கோம். வடவள்ளியில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல 40 வீட்டுக்காரங்க நேரடியா வாங்கிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. அவங்க வாட்ஸ்அப்புக்கு வாரம் ஒரு வீடியோ அனுப்பணும். சனிக்கிழமை டெலிவரி. காய் புதுசுன்னு தெரியணும், எப்படி ஆர்டர் போடுறதுன்னும் அதுலயே புரியணும். நான் எழுதின வசனம்:

"வணக்கம் நண்பர்களே. நாங்கள் பரம்பரையாக விவசாயம் செய்யும் குடும்பம். எங்கள் தோட்டத்தில் விளையும் காய்கறிகள் மிகவும் தரமானவை, புத்தம் புதியவை, ஆரோக்கியமானவை. இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக உங்கள் இல்லம் தேடி வருகிறோம். ஆர்டர் செய்ய கீழே உள்ள எண்ணைத் தொடர்பு கொள்ளவும். நன்றி."

இது போதுமா? இல்ல, ஏதாவது சேர்க்கணுமா?

தராசுமுள்

சேர்க்கறதுக்கு முன்னாடி எடுத்தாகணும். இதுல இருக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் மூணு நாள் பழைய காயை வச்சுக்கிட்டு ஒரு கடைக்காரரும் சொல்லிட முடியும். "புத்தம் புதியது"ன்னு வாயால சொல்லாதீங்க. பழைய காயால செய்யவே முடியாத ஒண்ணை கேமரா முன்னாடி செஞ்சு காட்டுங்க.

வெண்டைக்கு அது நுனி. பிஞ்சு வெண்டையோட நுனியைக் கட்டைவிரலால தள்ளினா டக்குனு ஒடியும். ரெண்டு நாள் கிடந்த காய் வளையும், ஒடியாது. அந்தச் சத்தம்தான் உங்க விளம்பரம். அந்த இடத்துல பாட்டு போடாதீங்க, பேசவும் பேசாதீங்க. போன் காய்க்கு ஒரு சாண் தூரத்துல இருக்கணும். அதுக்கு மேல தள்ளிப் போனா சத்தம் விழாது.

ஒரு எச்சரிக்கை. இப்பவே செடியில இருந்து பறிச்ச காய்கூட ஒடியாமப் போகலாம், முத்தியிருந்தா. வெண்டை பூ விரிஞ்சு அஞ்சாறு நாள்லயே பறிக்கிற பதத்துக்கு வந்துடும். அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் பறிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு பறிப்பு தவறினா, அடுத்த பறிப்புல முத்தல் கலந்துடும். அந்த வாரம் ஒடிச்சுக் காட்டறதா இருந்தா, முத்தலை முதல்ல பிரிச்சு எடுத்துட்டுக் காட்டுங்க. வீடியோவுல ஒடிஞ்சு, வீட்டுல ஒடியலன்னா, அந்த வீட்டுல அடுத்த ஆர்டர் வராது.

கத்தரிக்கு நுனி கிடையாது, காம்புத் தொப்பி உண்டு. ஊதாக் கத்தரியா இருந்தா தொப்பியோட ஒரு இதழை நகத்தால லேசாத் தூக்கிக் காட்டுங்க. அடியில வெயில் படாத தோல் வெளுப்பா ஒரு வளையம் மாதிரி தெரியும். பறிக்கிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டு இருந்த காய்க்கு அந்த வளையம் அகலமா இருக்கும். முத்தி நின்னுபோன காய்க்கு நூல் மாதிரி ஒடுங்கிடும். நிறைய பேருக்கு இது தெரியாது, ஒருதடவை பார்த்துட்டா மறக்கவும் மாட்டாங்க.

பச்சைப்பட்டு

நல்ல யோசனைகள். நான் ஒண்ணு சேர்க்கிறேன். வீடியோ எடுக்கிறதுக்கு முன்னாடி காய் மேல ஸ்ப்ரேயர்ல தண்ணி தெளிச்சுக்கங்க. பனித்துளி மாதிரி மின்னும், பார்க்கவே அள்ளும். எல்லாக் காயையும் நல்லாக் கழுவி பாலித்தீன் கவர்ல இறுக்கிக் கட்டிக் கொடுத்தா சுத்தமாவும் இருக்கும்.

அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸ்ல கிரீட்டிங் மெசேஜ்னு ஒண்ணு இருக்கு. அதுல ஆர்டர் படிவத்தைப் போட்டுட்டா, யார் ஹாய் அனுப்பினாலும் தானாப் போயிடும். நீங்க போனைத் தொடவே வேண்டாம்.

தராசுமுள்

கீரைக்குத் தண்ணி சரி. வேர்ப்பக்கம் நனைச்சு ஈரத்துணியில சுத்தி வைக்கலாம். வெண்டைக்கு வேண்டவே வேண்டாம். நனைஞ்ச வெண்டையைக் கவர்ல கட்டினா சாயங்காலத்துக்குள்ள காம்புப் பக்கம் கறுத்து வழவழன்னு ஆயிடும். தண்ணி தெளிக்கலேன்னாலும் இறுக்கிக் கட்டின பாலித்தீன்ல காய் தானாவே வேர்க்கும். வெண்டை, கத்தரி, கொத்தவரை மூணுக்கும் பழுப்புக் காகிதக் கவர் போதும், வாயை மடிச்சு விட்டா சரி. செய்தித்தாள்ல மட்டும் சுத்தாதீங்க, அச்சு மை காய்ல ஒட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கு. தெளிச்ச தண்ணிக்கும் பனிக்கும் வித்தியாசம் பார்க்கிறவங்களுக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்லயும் தெளிச்சுத்தான் வைக்கிறாங்க.

கிரீட்டிங் மெசேஜ் பத்திச் சொன்னது பாதி சரி. முதல்தடவை எழுதுறவங்களுக்கும், 14 நாளா பேச்சே இல்லாதவங்களுக்கும்தான் அது போகும். வாரா வாரம் வாங்குறவங்களுக்குப் போகாது. இவருக்கு வேண்டியது குயிக் ரிப்ளை. படிவத்தை ஒருமுறை சேமிச்சு `/sat` னு பேர் வச்சுட்டா, ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த நாலு எழுத்தைத் தட்டினாப் போதும். நாம தட்டத்தான் வேணும், ஆனா நாற்பது வீட்டுக்கு அது பத்து நிமிஷ வேலை.

நாலாம்மாடி

நான் விவசாயி இல்ல, இந்த மாதிரி வாங்குற ஆள். எங்க பக்கத்துல இருந்து சொல்றேன். தோட்டத்தைக் காட்டுறது அழகாத்தான் இருக்கு. ஆனா வீடியோ முடிஞ்சதும் எங்களுக்கு நிக்கிற கேள்விகள் வேற. எத்தனை மணிக்குள்ள சொல்லணும்? வெண்டை அரைக்கிலோவா, கால்கிலோ கிடைக்குமா? வாசல் செக்யூரிட்டிகிட்ட வச்சுட்டுப் போவீங்களா, மாடிக்கு வருவீங்களா? காய் சரியில்லேன்னா என்ன? பணம் அனுப்பும்போது திரையில வேற யாரோ பேர் வருது, அது நீங்கதானா?

கடைசிக் கேள்விக்கே பல வீட்டுல ஆர்டர் நின்னுபோகும். அப்பா பேர்ல வங்கிக் கணக்கு இருக்கும், மகன் வீடியோவுல பேசுவார். யூபிஐ திரையில அப்பா பேர் வந்ததும் எங்க வீட்டுப் பெரியவங்க பயந்து நிறுத்திடுவாங்க.

பந்தல்கால்

உழவர் சந்தை அடையாள அட்டை வாங்கினா வீடியோ எதுக்குங்க? சிட்டா, அடங்கல், போட்டோ கொடுத்து விண்ணப்பிக்கலாம். 1999ல இருந்து இருக்கிற திட்டம். கடை வாடகையும் இல்ல, தராசும் அங்கயே தருவாங்க.

மேல்மடை

பந்தல்கால் அண்ணா, அட்டை இருக்குங்க, சந்தைக்கும் போறோம். இது சனிக்கிழமை ஒருநாள் மட்டும் வீட்டு டெலிவரிக்கு.

நாலாம்மாடி சொன்ன யூபிஐ விஷயம் எனக்குத் தோணவே இல்ல. கணக்கு அம்மா பேர்லதான் இருக்கு. தராசுமுள், நீங்களே ஒரு வசனம் எழுதிக் காட்ட முடியுமா? நேரக் கணக்கோட இருந்தா நல்லது.

தராசுமுள்

எழுதிட்டேன். ஒரு நிமிஷத்துல நிதானமாப் பேசினா நூறு வார்த்தை தாண்டாது, அதுவும் சத்தம் கேட்கவேண்டிய இடங்களைக் கழிச்சா இன்னும் குறையும். அதனால குடும்பக் கதையெல்லாம் விட்டுட்டேன்.

0–8 நொடி. செடி, அதுல காய், பறிக்கிற கை. முகம் வேண்டாம்.
"சனிக்கிழமை காலை ஆறு மணி. உங்க வீட்டுக்கு வர்ற வெண்டை இதுதான்."

8–14 நொடி. மூணு காய் நுனியை வரிசையா ஒடிக்கணும். பேச்சு இல்ல.

14–26 நொடி. கத்தரித் தொப்பியைத் தூக்கி வெளுத்த வளையம்.
"கத்தரியில இந்த வெள்ளை வளையம் அகலமா இருந்தா இளங்காய். வீட்டுக்கு வந்ததும் நீங்களே பாருங்க."

26–34 நொடி. தராசு. வெறும் கவரை வச்சு பூஜ்யம் காட்டி, அப்புறம் காய்.
"வெண்டை, கத்தரி, கொத்தவரை அரைக்கிலோ பாக்கெட். கீரை ஒரு கட்டு."

34–50 நொடி. போன் திரை, ஆர்டர் அனுப்புற விரல்.
"கீழ இருக்கிற லிங்க்கைத் தொட்டு அனுப்புங்க, பட்டியல் வரும். எண்ணிக்கை போட்டுத் திருப்பி அனுப்புங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணி கடைசி."

50–60 நொடி. பை, வாசல்.
"சனிக்கிழமை பத்து மணிக்குள்ள கேட்டுக்கு வரும். பணம் காய் பார்த்துட்டு. யூபிஐல அம்மா பேர் வரும்." இந்த இடத்துல திரையில வரப்போற பேரை அப்படியே சொல்லிடுங்க.

கிழக்குவரப்பு

நல்லா இருக்கு, ஆனா ஒரு ஓட்டை இருக்கு. ஆர்டர் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முடியுதுன்னா இந்த வீடியோ வெள்ளிக்கிழமை மத்தியானமே போயிடணும். அப்ப "சனிக்கிழமை காலை ஆறு மணி, உங்க வீட்டுக்கு வர்ற வெண்டை இதுதான்"னு எப்படிச் சொல்வார்? அது இன்னும் செடியிலதானே இருக்கு? போன வாரம் எடுத்ததைத்தான் போடணும். அடுத்த வாரமும் அதையே போட்டா, மூணாவது வாரம் யாராவது "போன தடவையும் இதே சட்டைக் கைதானே"ன்னு கேட்பாங்க.

தராசுமுள்

சரியாப் பிடிச்சீங்க. நான் பறிப்பை நினைச்சு எழுதிட்டேன், எப்ப அனுப்பணும்னு யோசிக்கல.

அப்ப இதை ரெண்டாப் பிரிக்கணும். வெள்ளிக்கிழமை வீடியோவுல பறிக்கவே கூடாது. செடியில நிக்கிற, இன்னும் பதத்துக்கு வராத காயை விரலால தொட்டுக் காட்டி, "இது இன்னைக்கு வெள்ளிக்கிழமை காலை. நாளைக்குக் காலையில இதைத்தான் பறிக்கப் போறோம்"னு சொல்லணும். யோசிச்சுப் பார்த்தா இது இன்னும் பலமான வாசகம், ஏன்னா கையில காய் இல்லாமலே விக்கிறார். கடைக்காரரால அது முடியாது. வெண்டை ஒரு ராத்திரியில கணிசமா நீளும், அதனால இன்னைக்குக் கொஞ்சம் குட்டையா நிக்கிறதைக் காட்டுங்க. இன்னைக்கே பறிக்கிற நீளத்துல இருக்கிறது நாளைக்குச் சில சமயம் முத்திடும்.

நுனி ஒடிக்கிற காட்சிக்கு, நாளைக்குத் தேவைப்படாத ரெண்டு காயைச் செடியில வச்சே ஒடிக்கலாம். காய் செடியிலயே இருக்கிறது கேமராவுல தெரியும்.

அப்புறம் சனிக்கிழமை காலையில எட்டு நொடி ஓடுற ஒரு துண்டு, அதே செடி, அதே வரிசை, கூடை நிறைய காய். ஆர்டர் போட்டவங்களுக்கு மட்டும். அது விற்பனைக்கு இல்ல, வருதுன்னு தெரியப்படுத்த. ஆர்டர் பகுதியை, அதாவது 26வது நொடிக்கு அப்புறம் வர்றதை, ஒருமுறை நல்லா எடுத்து வச்சுக்கிட்டு வாரா வாரம் ஒட்டிக்கலாம். புதுசா எடுக்கவேண்டியது முன்பாதி மட்டும்.

நாலாம்மாடி

வாங்குற பக்கத்துல இருந்து ஒரு திருத்தம். வீடியோவுல காட்டுற அடையாளம் எங்க கைக்கு வரும்போதும் இருக்கணும். போன வருஷம் ஒருத்தர்கிட்ட வாங்கினோம், "கத்தரிக் காம்பு வெட்டின இடம் பச்சையா இருக்கும் பாருங்க"ன்னு வீடியோவுல காட்டினார். வீட்டுக்கு வந்தா பழுப்பா இருந்துச்சு. ஏமாத்திட்டார்னு குரூப்ல ஒரே சண்டை.

தராசுமுள்

அவர் ஏமாத்தல. கத்தரிக் காம்போட வெட்டின முனை காத்துப் பட்டா சீக்கிரமே பழுப்படிக்கும். தப்பான அடையாளத்தைக் காட்டிட்டார், அவ்வளவுதான். தொப்பி பச்சையா விறைப்பா இருக்கிறதும், தோல் மினுமினுப்பும், அந்த வெள்ளை வளையமும் பத்து மணிக்கும் அப்படியே இருக்கும். வெண்டை நுனியும் அன்னைக்கு ஒடியும்.

கீரை இதுக்கு எதிர்மாறு. விடியக்காலம் அறுத்தாலும் ஒன்பது மணி வெயில்ல பைக்கோட பின்சீட்டுல வந்தா இலை தொங்கிடும். அது பழசு இல்ல, தண்ணி இறங்கிப்போச்சு. தண்டை இருபது நிமிஷம் தண்ணியில நிறுத்தினா எழுந்துக்கும். இதை வீடியோவுல முன்கூட்டியே ஒரு வரியில சொல்லிடுங்க, அப்புறம் நாற்பது பேருக்குத் தனித்தனியா விளக்க வேண்டாம்.

மேல்மடை

புரியுதுங்க. ஆர்டர் பகுதியில ரெண்டு சந்தேகம். லிங்க் எப்படிப் போடுறது? குரூப்லயே ஆர்டர் சொல்லச் சொன்னா சுலபமா இருக்காதா?

கிழக்குவரப்பு

குரூப்ல வேண்டாம். ஒருத்தர் "வெண்டை 1, கத்தரி 2"ன்னு போடுவார், அடுத்தவர் "எனக்கும் அதே"ம்பார், அதுக்குள்ள முதல் ஆள் தன்னோடதை மாத்திடுவார். அந்த "அதே" எதைக் குறிக்குதுன்னு ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்க தலையைப் பிச்சுக்கணும்.

குரூப்ல வீடியோ மட்டும். அதுக்குக் கீழ தலைப்பு வரியில இந்த லிங்க், எக்ஸ் இருக்கிற இடத்துல உங்க எண்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=SAT
```

தொட்டா உங்களோட தனி அரட்டை திறக்கும், SAT னு எழுதியே இருக்கும், அவங்க அனுப்பு பட்டனை அழுத்தணும். 91க்கு முன்னாடி பிளஸ் குறியோ, எண்ணுக்கு நடுவுல இடைவெளியோ வேண்டாம். வீடியோவுக்குள்ள எழுத்தா போட்டா தொட முடியாது, அதனால தலைப்பு வரியிலதான் போடணும். SAT வந்ததும் நீங்க `/sat` தட்டி இதை அனுப்புங்க:

```
வீட்டு எண்:
வெண்டை ½ கிலோ x
கத்தரி ½ கிலோ x
கொத்தவரை ½ கிலோ x
பீர்க்கு (1 காய்) x
அரைக்கீரை கட்டு x
இல்லாட்டி மாற்று: சரி / வேண்டாம்
```

கடைசி வரி முக்கியம். காலையில வெண்டை குறைஞ்சா யாருக்குக் கத்தரி போடலாம், யாருக்குக் கூடாதுன்னு அப்பவே தெரிஞ்சுடும். ஆறு மணிக்கு போன் பண்ணி எழுப்ப முடியாது.

பச்சைப்பட்டு

குரூப் எதுக்கு? பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டா எல்லாருக்கும் தனித்தனியாப் போகும்.

கிழக்குவரப்பு

ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரை சேர்க்கலாம், அது போதும். ஆனா உங்க எண்ணைத் தங்களோட போன்ல சேமிச்சவங்களுக்குத்தான் போய்ச் சேரும். சேமிக்காதவங்களுக்குப் போகாது, போகலைன்னு உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. முதல் டெலிவரியிலயே பையில ஒரு சின்னச் சீட்டு வச்சு எண்ணைச் சேமிச்சுக்கச் சொல்லிட்டு, ஒரு மாசம் கழிச்சு பிராட்காஸ்ட்டுக்கு மாறலாம்.

தராசுமுள்

எவ்வளவு ஆர்டர் எடுக்கலாம்ங்கற கணக்கு இல்லாம வீடியோ போட்டா மாட்டிக்குவீங்க. மேல்மடை தோட்டத்துல ஒரு பறிப்புக்கு வெண்டை 12 கிலோ வரும்னு வச்சுக்குவோம். புழு துளைச்சது, வளைஞ்சது, முத்தலுக்குப் பத்துல ஒரு பங்கு கழிச்சா 10.8. பாக்கெட்ல 500 கிராம் சரியாப் போடாதீங்க, 510 போடுங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் ஈரம் வத்தும், அங்க ஒருத்தர் சமையல் தராசுல வச்சுப் பார்ப்பார். 10.8 கிலோவை 510 கிராமாப் பிரிச்சா 21 பாக்கெட். ஒண்ணை மாற்றுக்கு வச்சுக்கிட்டு 20ன்னு அறிவிங்க. 40 வீட்டுக்கு 20 பாக்கெட்தான்னா அதை வீடியோவுலயே சொல்லணும்: "வெண்டை இருபது பாக்கெட், முதல்ல சொன்னவங்களுக்கு." முடிஞ்சதும் குயிக் ரிப்ளைல அந்த வரியை எடுத்துடுங்க. அதை மறந்துட்டுத்தான் பல பேர் திட்டு வாங்குறாங்க.

தராசுல சட்ட அளவியல் முத்திரை இருக்கணும், மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கணும். வீடியோவுல அந்த முத்திரைப் பக்கம் தெரியற மாதிரி வையுங்க.

நாலாம்மாடி

விலையை வீடியோவுல சொல்லுங்க. விலை தெரியாம யாரும் லிங்க்கைத் தொட மாட்டாங்க.

கிழக்குவரப்பு

நான் ஒத்துக்க மாட்டேன். வாய்ல சொன்ன விலை வீடியோ இருக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். கத்தரி ரெண்டு வாரத்துல பாதியாக் குறையும், இல்ல இரட்டிப்பாகும். பழைய வீடியோவை வச்சு சண்டைக்கு வருவாங்க. விலை படிவத்துல இருக்கட்டும்.

நாலாம்மாடி

தலைப்பு வரியில தேதியோட போடலாமே? "வெள்ளி, வெண்டை ½ கிலோ இவ்வளவு"ன்னு. உழவர் சந்தைப் பலகை விலை எல்லாருக்கும் தெரியும், அதைவிட எவ்வளவு கூட, எதுக்குக் கூடன்னு சொன்னா வாங்குவோம்.

பந்தல்கால்

"இயற்கை விவசாயம்"னு ஒரு வார்த்தை போட்டா விலை தானாக் கூடுமே?

தராசுமுள்

யூரியா போட்டிருந்தா அந்த வார்த்தை கூடாது. முழுக்க இயற்கையா செய்யற சிறு விவசாயி நுகர்வோருக்கு நேரடியா விக்கும்போது சான்றிதழ் இல்லாம சொல்ல விதியில இடம் உண்டு, ஆனா சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக் கூடாது. மேல்மடை, நீங்க என்ன போட்டீங்களோ அதை மட்டும் சொல்லுங்க. "கடைசியா மருந்து அடிச்சது இந்தத் தேதி"ன்னு சொன்னா அதுவே பெரிய விஷயம். டப்பாவுல போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடிஞ்ச பிறகுதான் பறிப்பு, அது தனி.

மேல்மடை

இன்னைக்கு முன்பாதியை எடுத்துப் பார்த்தேன். வெண்டை ஒடியற சத்தமே விழல, காத்துதான் புஸ்ஸுனு கேட்குது. நுனி வெயில்ல வெளுத்துப் போய் தெரியவும் மாட்டேங்குது.

தராசுமுள்

மத்தியான வெயில்ல எடுத்திருப்பீங்க. வெள்ளிக்கிழமை மத்தியானமே அனுப்பணும்ங்கறதால காலையில வெயில் சாய்வா இருக்கும்போதே எடுங்க. காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குதோ அந்தப் பக்கம் உங்க முதுகைத் திருப்பி, போனையும் காயையும் உடம்புக்கு முன்னாடி மறைவா வச்சுக்கங்க. போனோட அடிப்பக்கம் மைக் துளை இருக்கும், அதை விரல் மூடியிருக்கான்னும் பாருங்க. போனை நிமிர்த்திப் பிடிச்சே எடுங்க.

அப்படியும் சத்தம் வராட்டி, வீட்டுக்குள்ள ஒரு காயை ஒடிச்சுப் பதிவு பண்ணி ஒட்டிடலாம்னு தோணும். அதைச் செய்யாதீங்க. ஒட்டின சத்தம் கையோட அசைவுக்கு ஒரு கணம் முன்னப் பின்ன விழும், நாற்பது வீட்டுல ஒருத்தர் கண்டுபிடிப்பார்.

மேல்மடை

நாளைக்குக் காலையில திரும்ப எடுத்துட்டு இங்கயே போடுறேன். பணத்தை முன்னாடியே வாங்கலாமா, காய் பார்த்துட்டா? அம்மா முன்னாடியே வாங்கச் சொல்றாங்க.

கிழக்குவரப்பு

முதல் நாலு வாரம் பின்னாடி வாங்குங்க. ஆனா பணம் அனுப்பிட்டேன்னு காட்டுற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீங்க, அம்மா போன்ல வங்கி மெசேஜ் வந்துச்சான்னு பாருங்க. பணம் வாங்குறதுக்கு பின் எண் கேட்டு யாராவது ஏதாவது அனுப்பினா அம்மா தட்டக் கூடாது, வாங்குறதுக்கு பின் எண்ணே தேவையில்ல.

நாலாம்மாடி

எங்க வளாகத்துல முன்பணம் கேட்டா பாதிப்பேர் வர மாட்டாங்க. இன்னொரு குடியிருப்புல அதுதான் பழக்கம்னு கேள்விப்பட்டேன். உங்க நாற்பது வீட்டையும் முதல் வாரமே கேட்டுடுங்க.